மணி பார்த்து எழுதுவதா, சம்பவம் பார்த்து எழுதுவதா?

ஒரு குழந்தையைப் பற்றி ஆசிரியர் அறையில் பேச்சு வரும்போது பெரும்பாலும் இரண்டு மாதிரி வாக்கியங்கள்தான் காதில் விழும். "அந்தப் பொண்ணு யாரோடும் சேர்றதே இல்ல." "அந்தப் பையன் எப்பவும் பிடுங்குறான்." ஒன்றில் 'இல்லவே இல்லை', இன்னொன்றில் 'எப்பவும்'. இரண்டுமே உண்மையாக இருக்க வாய்ப்பில்லை. உண்மையில் எவ்வளவு, எப்போது, எதனால் என்று தெரிய வேண்டுமென்றால் உட்கார்ந்து பார்த்து எழுத வேண்டும். அப்படி எழுத இரண்டு முக்கிய வழிகள் உண்டு. குறித்த நேரத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, அந்த நொடியில் குழந்தை என்ன செய்கிறது என்று குறிப்பது ஒன்று. இதை நேர மாதிரி என்போம், பயிற்சி வகுப்புகளில் டைம் சாம்ப்ளிங் என்பார்கள். இன்ன சம்பவம் நடக்கட்டும் என்று காத்திருந்து, நடந்ததும் அதை முழுதாக எழுதுவது மற்றொன்று. இது நிகழ்வு மாதிரி, ஈவென்ட் சாம்ப்ளிங்.

எது நல்லது என்று கேட்பதில் பொருளில்லை. நீங்கள் பார்க்க நினைக்கும் விஷயம் எவ்வளவு அடிக்கடி நடக்கிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான் வழியைத் தீர்மானிக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். சோறு வெந்ததா என்று பார்க்க அது போதும், ஏனென்றால் பானை முழுக்க ஒரே பக்குவத்தில் இருக்கும். ஆனால் அரிசியில் கல் கிடக்கிறதா என்று அப்படிப் பதம் பார்த்துச் சொல்ல முடியாது. நேர மாதிரி பதம் பார்க்கும் வேலை, நிகழ்வு மாதிரி கல் பொறுக்கும் வேலை.

மொரிஷியஸில் ஆரம்பப் பள்ளியில் தமிழ் சொல்லித் தருபவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்ப் பாடத்துக்கென்று வகுப்பு வகுப்பாகப் போகிறவர்கள் நாம். ஒரே பிள்ளையை நாள் முழுக்கப் பார்க்கும் வாய்ப்பு நமக்குக் கிடையாது. அதனால்தான் கிடைக்கும் இருபது நிமிடத்தில் எதை எப்படிப் பார்ப்பது என்பது நமக்கு மற்றவர்களைவிட முக்கியமாகிறது. கீழே வரும் இரண்டு பிள்ளைகளும் விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவர்கள். ரோஸ்ஹில்லில் ஒரு பள்ளி, முதல் வகுப்பு, மதிய இடைவேளை, முற்றத்தில் ஒரு மாமரம் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் அந்தப் பெண். கவி என்போம். கேள்வி: இடைவேளையில் எவ்வளவு பங்கு நேரம் மற்றவர்களோடு சேர்ந்து விளையாடுகிறாள்? விளையாடுவதும் விளையாடாமல் நிற்பதும் இடைவேளை முழுக்க ஏதோ ஒரு வடிவில் நடந்துகொண்டே இருக்கும். எந்த நொடியில் பார்த்தாலும் அவள் ஏதோ ஒரு நிலையில் இருப்பாள். ஆக, இது பதம் பார்க்கிற வேலை.

பார்க்கும் முன்பே நிலைகளை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்பவர் மழலையர் பள்ளிக் குழந்தைகளை ஒவ்வொருவராக, ஒரு தடவைக்கு ஒரு நிமிடம் என்று பார்த்து, விளையாட்டில் அவர்கள் எப்படிக் கலந்துகொள்கிறார்கள் என்பதை ஆறு வகையாகப் பிரித்து 1932-இல் வெளியிட்டார். நமக்கு நான்கு போதும். தனியே: தன் பாட்டுக்கு இருக்கிறாள், யாரையும் கவனிக்கவில்லை. வேடிக்கை: மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கலந்துகொள்ளவில்லை. பக்கத்தில்: மற்றவர்கள் அருகில் அதே மாதிரி ஏதோ செய்கிறாள், ஆனால் பேச்சோ கொடுக்கல் வாங்கலோ இல்லை. சேர்ந்து: பேச்சு, பொருள், முறை மாறுதல் ஏதாவது ஒன்று இருவருக்குள்ளும் போய்வருகிறது. எந்த நொடியில் பார்த்தாலும் நான்கில் ஒன்றுதான் பொருந்த வேண்டும். இரண்டு பொருந்தினால் வரையறையைத் திருத்த வேண்டும்.

அடுத்தது நேரம். கைபேசியை நிமிடத்துக்கு ஒருமுறை அதிரும்படி வைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஒலி வேண்டாம், பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அதிர்ந்ததும் நிமிர்ந்து கவியைப் பாருங்கள். அந்த நொடியில் அவள் இருக்கும் நிலைக்கு ஒரு கோடு. அவ்வளவுதான். இரண்டு வினாடி கழித்து அவள் ஓடிப்போய் யாருடைய கையையாவது பிடித்தாலும் அதைச் சேர்க்கக் கூடாது. இங்கேதான் பலருக்கும் கை நடுங்கும். பாவம், இப்போதுதானே சேர்ந்தாள், 'சேர்ந்து' என்று போட்டுவிடலாமே என்று தோன்றும். போட்டால் கணக்கு கெட்டுவிடும்.

ஏன் கெடும் என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம், ஏனென்றால் நேர மாதிரியில் நடக்கும் பெரிய பிழை இங்கிருந்துதான் வருகிறது. நேரத்தை வைத்துக் குறிப்பதில் மூன்று விதம் உண்டு. அந்த நொடியில் என்ன என்று மட்டும் பார்ப்பது ஒன்று. போன நிமிடத்தில் ஒரு தடவையாவது நடந்ததா என்று பார்ப்பது இரண்டாவது. அந்த நிமிடம் முழுக்க விடாமல் நடந்ததா என்று பார்ப்பது மூன்றாவது. ஒரு பையன் வகுப்பில் நிமிடத்துக்கு ஒருமுறை ஐந்து வினாடி எழுந்து நின்றுவிட்டு உட்காருகிறான் என்று வையுங்கள். அவன் உண்மையில் எழுந்து நிற்பது நேரத்தில் 8 சதவீதம்தான். 'ஒரு தடவையாவது' என்ற விதத்தில் குறித்தால் எல்லா நிமிடத்திலும் கோடு விழும், 100 சதவீதம். 'முழுக்க' என்ற விதத்தில் ஒரு கோடும் விழாது, பூஜ்யம். 'அந்த நொடியில்' என்று போதுமான தடவை பார்த்தால்தான், அவனுடைய எழும்புதலும் நம் கடிகாரமும் ஒரே தாளத்தில் ஓடாதவரை, 8-க்குப் பக்கத்தில் வரும். ஒரே பையன், ஒரே இருபது நிமிடம், விடை 0, 8, 100. யாராவது ஒரு பிள்ளையைப் பற்றிச் சதவீதம் சொன்னால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: எந்த விதத்தில் குறித்தீர்கள்? பதில் வராவிட்டால் அந்த எண்ணை வைத்து எதுவும் செய்ய முடியாது.

சரி, கவிக்கு வருவோம். ஒரு நாளைக்கு 20 நிமிடம், 20 பார்வை. ஐந்து நாளில் 100. ஒரே நாளோடு நிறுத்தினால் ஒவ்வொரு பார்வையும் 5 சதவீதம் கனக்கும், ஒரு சின்னத் தற்செயல் கூடப் படத்தை மாற்றிவிடும். வாரம் முழுக்கப் பார்த்ததில் வந்தது இது: தனியே 9, வேடிக்கை 44, பக்கத்தில் 28, சேர்ந்து 19.

இந்த 19 குறைவா? தெரியாது. ஆறு வயதுப் பிள்ளை இடைவேளையில் எவ்வளவு நேரம் சேர்ந்து விளையாட வேண்டும் என்று யாரும் கல்வெட்டில் வெட்டிவைக்கவில்லை. அதே வகுப்பில், அதே முற்றத்தில், அதே நேரத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் பார்த்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் வரும். இது நினைப்பதைவிட எளிது. அதிர்வை 20 வினாடிக்கு ஒன்றாக மாற்றுங்கள். முதல் அதிர்வுக்குக் கவி, இரண்டாவதற்கு இன்னொருத்தி, மூன்றாவதற்கு ஒரு பையன், மறுபடி கவி. ஒவ்வொருவருக்கும் நிமிடத்துக்கு ஒரு பார்வை கிடைத்துவிடும். அந்த இருவரையும் வகுப்புப் பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும், கலகலப்பான இரண்டு பேரைத் தேடிப் பிடிக்கக் கூடாது. நம் உதாரணத்தில் அவர்களுக்கு 'சேர்ந்து' 58, 47. 'வேடிக்கை' 11, 15.

இப்போது தாள் பேசத் தொடங்குகிறது. கவி உண்மையிலேயே குறைவாகத்தான் சேர்கிறாள். ஆனால் அவள் தனிமையை விரும்புகிற பிள்ளை என்று சொல்ல முடியவில்லை. 'தனியே' வெறும் 9. கிட்டத்தட்ட பாதி நேரம் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். சேர விருப்பமிருந்தும் உள்ளே நுழையும் வழி தெரியாமல் நிற்கிறாளா என்று கேட்கத் தோன்றும். 'யாரோடும் சேர்றதே இல்ல' என்பதிலிருந்து இது வெகுதூரம். ஏன் நுழைய முடியவில்லை என்பதை மட்டும் இந்தத் தாள் சொல்லாது. கோடுகளில் காரணம் இருக்காது. அதுதான் இந்த முறையின் எல்லை.

இப்போது அந்தப் பையன். சரண் என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் கையிலிருந்து பொருளைப் பிடுங்குகிறான், இடிக்கிறான். அதே நிமிடக் கோட்டு முறையில் இவனையும் பார்த்தால் என்ன?

இதற்குப் பழைய கணக்கு ஒன்று நன்றாக உதவும். ஹெலன் டாவ் என்பவர் மழலையர் பள்ளியில் பிள்ளைகள் சுதந்திரமாக விளையாடும் நேரத்தில், சண்டை தொடங்கும்போதெல்லாம் கடிகாரத்தோடு போய் நின்று 200 சண்டைகளைப் பதிவு செய்து 1934-இல் வெளியிட்டார். நிகழ்வு மாதிரிக்கு இன்றும் சொல்லித்தரப்படும் உதாரணம் அது. அவர் பார்த்த குழுவில் மணிக்கு 3.4 சண்டை நடந்தது, ஒவ்வொன்றும் சராசரி சுமார் 24 வினாடிதான். பெரும்பாலானவை ஒரு பொருள் யாருக்கு என்பதில் தொடங்கியவை. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் சண்டை நடப்பது மொத்தம் சுமார் 80 வினாடி. மூவாயிரத்து அறுநூறு வினாடியில் 80. நிமிடத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் 60 பார்வையில் ஒன்றோ இரண்டோதான் சண்டையில் விழும், அதுவும் முழுக் குழுவுக்கும் சேர்த்து. ஒரே பையனை மட்டும் பார்த்தால் பல நாள் தாள் காலியாகவே இருக்கும். காலித் தாளைப் பார்த்துவிட்டு 'பிரச்சினையே இல்லை' என்று ஒருவர் எழுதிவிடவும் கூடும்.

அதனால் சரணுக்குக் காத்திருந்து எழுதும் முறை. இங்கே கடிகாரம் வேலையைத் தொடங்கிவைப்பதில்லை, சம்பவம் தொடங்கிவைக்கிறது. எது சம்பவம் என்று முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட வேண்டும். "முரட்டுத்தனம்" என்று எழுதினால் இரண்டு பேர் இரண்டு விதமாகப் பார்ப்பார்கள். இப்படி எழுதலாம்: வேறொரு பிள்ளை பிடித்திருக்கும் அல்லது விளையாடிக்கொண்டிருக்கும் பொருளைச் சரண் சம்மதமில்லாமல் எடுப்பது, அல்லது கையாலோ தோளாலோ அந்தப் பிள்ளையைத் தள்ளுவது. தொடக்கம், அவன் பொருளையோ பிள்ளையையோ தொடும் நொடி. முடிவு, இருவரும் வேறு வேலைக்குத் திரும்பும் நொடி. இரண்டு சம்பவங்களுக்கு நடுவே ஒரு நிமிடமாவது போனால்தான் இரண்டு, இல்லாவிட்டால் ஒன்று.

தாளில் நேரம், இடம், முன்பு என்ன, நடந்தது என்ன, யார் என்ன சொன்னார்கள், பின்பு என்ன, எத்தனை வினாடி என்று கட்டங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கும்:

செவ்வாய், 12.20, மாமரத்தடி. முன்பு: நாலு பையன்கள் பந்து உதைக்கிறார்கள். சரண் ஓரத்தில் நிற்கிறான். இரண்டு தடவை கையை நீட்டிப் பந்து கேட்கிறான், வரவில்லை. நடந்தது: ஓடிப்போய்ப் பந்தை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான். ஒருவன் "மோ பா பூ ஸ்வே ஆர் த்வா" என்கிறான். சரண் தோளால் இடிக்கிறான். பின்பு: ஆசிரியை வருகிறார், பந்தை வாங்கி, எல்லாரும் சேர்ந்து விளையாடுங்கள் என்று திருப்பித் தருகிறார். சரண் ஆட்டத்துக்குள். 35 வினாடி.

அந்தப் பையன் கிரியோலில் சொன்னதைக் கிரியோலிலேயே எழுதியிருப்பதைக் கவனியுங்கள். முற்றத்தில் பிள்ளைகள் பேசுவது அதுதான். உன்னோடு விளையாட மாட்டேன் என்கிறான். அவசரத்தில் அதை 'திட்டினான்' என்று சுருக்கி எழுதினால் விலக்கிவைத்தது போய்விடும், வசை மட்டும் நிற்கும். வாயிலிருந்து வந்த வார்த்தை அப்படியே தாளுக்கு வரட்டும். 'கோபமாக', 'வேண்டுமென்றே' போன்ற சொற்கள் வேண்டாம். அவை நீங்கள் பார்த்தவை அல்ல, ஊகித்தவை.

இந்த முறையில் கெட்டுப்போகிற இடம் வேறு. சத்தம் கேட்டுத்தான் நாம் திரும்புகிறோம். பிடுங்கலுக்கும் இடிக்கும் சத்தம் உண்டு. பந்து தராமல் இருப்பதற்கும், காலால் கோட்டைத் தள்ளி ஒருவனை வெளியே நிறுத்துவதற்கும் சத்தம் கிடையாது. நாம் திரும்பும்போது கதை பாதி முடிந்துவிட்டது, மிச்சத்தில் தெரிவது இடித்தவன் மட்டும். இப்படியே பத்துப் பதிவு எழுதினால் அவன்தான் எல்லாவற்றையும் தொடங்குகிறான் என்று தாளே சாட்சி சொல்லும். உங்கள் தாளில் இந்தக் கோளாறு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரே வழி, 'முன்பு' கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படிப்பதுதான். அங்கே 'காரணமில்லாமல்', 'திடீரென்று' என்று வரிசையாக வந்தால் நீங்கள் முன்கதையைப் பார்க்கவே இல்லை. அப்படிப்பட்ட பதிவில் 'தொடக்கம் பார்க்கவில்லை' என்று நேர்மையாக எழுதிவிட்டு, காரணத்தை எண்ணும்போது அதை ஒதுக்கிவிட வேண்டும். சரணைப் பார்க்கிற நாளில் சரணையே பார்க்க வேண்டும், அமைதியாக நிற்கும்போதும். கை சும்மா இருக்கலாம், கண் சும்மா இருக்கக் கூடாது.

ஐந்து நாள், நாளுக்கு 20 நிமிடம், மொத்தம் 100 நிமிடத்தில் 9 சம்பவம் கிடைத்தது என்று வைப்போம். எத்தனை நிமிடம் பார்த்தோம் என்பதையும் கட்டாயம் எழுத வேண்டும். 9 என்பது தனியே நின்றால் அர்த்தமில்லை, அடுத்த மாதம் 60 நிமிடம் பார்த்து 6 வந்தால் குறைந்ததா கூடியதா என்று சொல்ல வழியிருக்காது. 9 பதிவையும் மேசையில் பரப்பிப் படித்தால் இரண்டு விஷயம் தெரிகிறது. ஆறு பதிவில், பிடுங்குவதற்கு முன்பு சரண் கேட்டிருக்கிறான், கை நீட்டியிருக்கிறான் அல்லது பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறான், பதில் வரவில்லை. ஏழு பதிவில், பெரியவர் ஒருவர் வந்து தீர்த்துவைத்த பிறகு அவன் ஆட்டத்துக்குள் இருக்கிறான். அதாவது கேட்டபோது கிடைக்காதது பிடுங்கியபோது கிடைக்கிறது. நாம்தான் கொடுக்கிறோம், சமாதானம் என்ற பெயரில். அவன் திமிர் பிடித்தவன் என்பதைவிட இந்த விளக்கம் பதிவுகளோடு நன்றாகப் பொருந்துகிறது. என்ன செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது: அவன் இரண்டாவது தடவை கை நீட்டும்போதே பெரியவர் ஒருவர் அருகில் போய் ஆட்டத்துக்குள் விட வேண்டும், பிடுங்கிய பிறகு அல்ல. ஒன்பது பதிவை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். ஆனால் இது முயன்று பார்த்துச் சரிபார்க்கக்கூடிய ஊகம்.

இந்தத் தாளிலும் ஓர் ஓட்டை உண்டு. இதில் சரண் எப்போதும் பிடுங்கிக்கொண்டே இருக்கிறான், ஏனென்றால் பிடுங்கும்போது மட்டும்தான் நாம் எழுதினோம். ஒன்பது சம்பவமும் சேர்ந்து ஐந்து நிமிடம்கூட வராது. மீதி 95 நிமிடம் அவன் என்ன செய்தான்? அது தாளில் இல்லை. பெற்றோரைக் கூப்பிட்டு இந்த ஒன்பதையும் வரிசையாக வாசித்துக் காட்டுவது அநியாயம். அதற்காகவே சரணையும் வேறு இரண்டு நாள் நிமிடக் கோட்டில் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது. ஒரே நேரத்தில் இரண்டையும் செய்ய முயல வேண்டாம். சம்பவம் எழுதும்போது அதிர்வு வரும், இரண்டும் பாழாகும்.

கவிக்கும் இதே போல் மறுபக்கம் தேவைப்படும். ஏன் நுழைய முடியவில்லை என்ற கேள்விக்கு, அவள் ஒரு விளையாட்டை நெருங்கும் ஒவ்வொரு முறையையும் ஒரு சம்பவமாக எடுத்து எழுத வேண்டும். எவ்வளவு பக்கத்தில் போனாள், என்ன சொன்னாள், யார் என்ன பதில் கொடுத்தார்கள். முதல் தாள் கேள்வியைக் கொடுத்தது, இரண்டாவது தாள் அதன் பின்னால் போகிறது.

இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு ஒரு நாளாவது பார்ப்பது நல்லது. நேர மாதிரியில் சரிபார்ப்பது எளிது. இருவரும் ஒரே அதிர்வுக்கு ஒரே பிள்ளையைப் பார்த்து, பேசிக்கொள்ளாமல் குறியுங்கள். 20 பார்வையில் 17 ஒத்துப்போனால் 85 சதவீதம். 80-க்குக் கீழே போனால் பிள்ளையைப் பற்றிப் பேசும் முன் வரையறைகளைப் பற்றிப் பேசுங்கள், வழக்கமாக 'வேடிக்கை'யும் 'பக்கத்தில்'லும்தான் குழம்பும். அரிதான விஷயத்தில் இந்தச் சதவீதத்தை நம்ப வேண்டாம். இருபதில் பத்தொன்பது தடவை 'இல்லை' என்று இருவரும் தூங்கிக்கொண்டே போட்டாலும் 95 வரும்.

எந்த வாரத்தில் பார்ப்பது என்பதும் கணக்கில் சேரும். நம் பள்ளி ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது, தைப்பூசக் காவடியும் அதையொட்டியே வரும். முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்போது ஒருவரை ஒருவர் தெரியவே தெரியாது, பாதிப் பேர் விரத வீட்டிலிருந்து அரைத் தூக்கத்தில் வருவார்கள். அந்த வாரக் கோடுகள் அந்த வாரத்தைப் பற்றி மட்டும்தான் சொல்லும். க்யூர்பிப் பக்கம் வேலை செய்பவர்களுக்கு மழை வேறு. மழை நாளில் இடைவேளை வகுப்புக்குள்ளேயே போய்விடும், இடம் குறைவு, பந்து கிடையாது, ஒட்டி உட்கார வேண்டியிருக்கும், 'பக்கத்தில்' தானாகவே எகிறும். மழை நாள் தாளைத் தனியாக வையுங்கள், வெயில் நாள் தாளோடு கூட்டாதீர்கள். மூன்று வாரம் கழித்து மாற்றம் இருக்கிறதா என்று மறுபடி பார்க்கும்போது அதே முற்றம், அதே நேரம், அதே நான்கு நிலைகள், அதே ஒப்பீட்டுப் பிள்ளைகள் இருக்க வேண்டும். அவர்களுடைய 'சேர்ந்து'வும் இதற்குள் 58-லிருந்து 70-க்குப் போயிருந்தால், கவியின் 19 இப்போது 30 ஆனதில் எவ்வளவு நம் முயற்சி, எவ்வளவு பருவமும் பழக்கமும் என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும்.